புகைப்படத்தில் கிடைத்த பின்னல் சார்ட்டை வரிகளாக எழுதிய அனுபவம்

நீலநூல்:
என் சித்திக்குப் பார்வை மங்கிவிட்டது. ஊசி பிடித்த கை மட்டும் மங்கவில்லை. யாராவது வரி வரியாக வாசித்தால் கேட்டுக்கொண்டே பின்னுவார். கட்டம் போட்ட சார்ட்டை அவரால் பார்க்க முடியாது. அதனால் உறவினர் ஒருவர் அனுப்பிய புகைப்படத்தை வைத்து, அதிலுள்ள குறிகளை எழுத்தாக்கித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.

படம் ஒரு பழைய பின்னல் புத்தகத்தின் வலப்பக்கம். சார்ட்டின் இடது ஓரம் புத்தக மடிப்புக்குள் போயிருக்கிறது. குறிவிளக்கம் படத்தில் இல்லை. மொத்தம் நான்கே வரிசைகள். 1, 3 என்ற எண்கள் வலப்பக்கம் அச்சாகியிருக்கின்றன. 1, 2 இரண்டும் முழுக்க வெற்றுக் கட்டங்கள். 4 முழுக்கக் கிடைக்கோடு. 3இல்தான் விஷயம் இருக்கிறது: வலக்கோடியிலிருந்து மூன்று சாய்கோடுகள், பிறகு வட்டமும் வெற்றுக் கட்டமும் மாறி மாறி ஆறு முறை, கடைசியில் இரண்டு சாய்கோடுகள். அதற்கப்பால் மடிப்பின் நிழல்.

படத்தைக் கைப்பேசியின் ஆவண ஸ்கேன் வசதியில் நேராக்கி, பெரிதாக அச்செடுத்தேன். பின்னலில் ஒரு வரிசை முடிந்ததும் அதன் மேலே அடுத்தது ஏறுவதால் கீழிருந்துதான் வாசிக்க வேண்டும். அதனால் அடிக்கோலை வாசிக்கும் வரிசைக்கு மேலே வைத்தேன். ஏற்கெனவே பின்னிய வரிசை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஐந்து கட்டத்துக்கு ஒரு செங்குத்துக் கோட்டைச் சிவப்பில் போட்டபின் கண் அடுத்த கட்டத்துக்கு நழுவவில்லை. எண்ணினால் 17 கட்டங்கள் வருகின்றன. இதுபோன்ற படத்தோடு மல்லுக்கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஊசிமுனை:
நான் குளிர்குல்லா பின்னுகிறவன். சார்ட் என்றால் எல்லா வரிசையையும் வலமிருந்து இடமாகவே வாசிப்பேன், கிடைக்கோடு என்றால் பர்ல், வெற்றுக்கட்டம் என்றால் நிட். இப்படியே பல குல்லாக்கள் முடித்திருக்கிறேன், ஒன்றும் பிசகியதில்லை. உங்கள் நான்காவது வரிசையை "எல்லாம் பர்ல்" என்று எழுதிவிடுங்கள். 

குன்னூர்க்காரி:
தம்பி சொல்வது குல்லாவுக்குச் சரி. வட்ட ஊசியில் சுற்றிப் பின்னும்போது துணியின் நல்ல பக்கம் எப்போதும் நம்மைப் பார்த்தே இருக்கும். அதனால் குறி எப்படியோ வேலையும் அப்படியே. ஆனால் சித்தி பின்னப்போவது சால்வையா, கழுத்துத்துணியா? அப்படியென்றால் ஒவ்வொரு வரிசைக்கும் துணியைத் திருப்புவார். சார்ட் காட்டுவது நல்ல பக்கத்தில் கண்ணி எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டும்தான். பின்பக்கத்திலிருந்து பின்னும்போது நிட் செய்தால் அது முன்பக்கத்தில் பர்லாகத் தெரியும். எனவே தட்டையாகப் பின்னுகிறவருக்கு நான்காவது வரிசைக் கிடைக்கோட்டை "எல்லாம் நிட்" என்று எழுத வேண்டும், இரண்டாவது வரிசை வெற்றுக்கட்டத்தை "எல்லாம் பர்ல்" என்று எழுத வேண்டும். வாசிக்கும் திசையும் மாறும்: பின்பக்க வரிசைகள் இடமிருந்து வலம். 1, 3 எண்கள் வலப்பக்கம் இருப்பதே அவை நல்ல பக்க வரிசைகள் என்பதற்கு அடையாளம்.

இனி உங்கள் 17 கட்டம். குறிவிளக்கம் இல்லாவிட்டாலும் கணக்கு பேசும். ஒவ்வொரு கட்டமும் வரிசை முடிந்தபின் ஊசியில் நிற்கும் ஒரு கண்ணி. அந்தக் கட்டம் கீழ் வரிசையிலிருந்து எத்தனை கண்ணியை எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். வெற்றுக்கட்டம் ஒன்றை எடுக்கும். சாய்கோடு இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவதால் இரண்டை எடுக்கும். வட்டம் ஊசியில் நூலைச் சுற்றுவது மட்டுமே, கீழிருந்து எதையும் எடுக்காது.

உங்கள் மூன்றாவது வரிசையில் ஐந்து சாய்கோடு பத்து எடுக்கிறது, ஆறு வெற்றுக்கட்டம் ஆறு எடுக்கிறது. மொத்தம் 16. ஆனால் வரிசை முடியும்போது 17 நிற்கிறது. நான்கு வரிசைக்கு ஒருமுறை, ஒவ்வொரு வடிவத்திலும் ஒரு கண்ணி கூடும். சால்வை விசிறிபோல் விரிந்துகொண்டே போகும். மறைந்த கட்டம் வெற்றுக்கட்டமானால் 17 எடுத்து 18 நிற்கும், அதுவும் சரிவராது. வட்டமானால் 16 எடுத்து 18. சாய்கோடானால்தான் 18 எடுத்து 18 நிற்கும். மடிப்புக்குள் போனது ஒரு சாய்கோடு.

பார்த்தவுடன் எனக்குத் தெரிந்த வடிவமும்கூட. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் 'ஓல்ட் ஷேல்'. குறைப்புகள் ஒரே இடத்தில் கூடித் துணியை இழுக்க, நூல்சுற்றுகள் இன்னோரிடத்தில் அதை விரிக்க, வரிசைகள் அலையலையாக வளையும். நான்காவது வரிசையின் பர்ல் வரம்பு அந்த அலையைத் துலக்கமாகக் காட்டும்.

ஊசிமுனை:
தட்டைப் பின்னல் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சுகிறது. மடிப்புக்குள் இரண்டு கட்டங்கள் போயிருந்தால்? ஒரு சாய்கோடும் ஒரு வெற்றுக்கட்டமும் சேர்ந்தால் 19 எடுத்து 19 நிற்கும். அந்தக் கணக்கும் சரியாகத்தானே வருகிறது?

குன்னூர்க்காரி:
நல்ல கேள்வி. கணக்கு மட்டும் அதை விலக்காது. இரு புறமும் மூன்று மூன்று குறைப்பு என்ற சமச்சீரும், இந்த வடிவம் 18 கண்ணியில் பரவலாகப் பின்னப்படுவதும் என் பக்கம். 12 கண்ணியில் பின்னுகிறவர்களும் உண்டு. அதில் இரு புறமும் இரண்டு இரண்டு குறைப்பு, நடுவில் நான்கு நூல்சுற்று வரும். 19ஐ நான் பார்த்ததில்லை. படத்தில் எங்காவது "இத்தனையின் மடங்கு" என்று எழுதியிருந்தால் பேச்சே வேண்டாம்.

தையல்பெட்டி:
எனக்கும் இதே தலைவலி. குறுக்குத் தையலுக்கு மயில் படம் ஒன்று தோழியிடமிருந்து புகைப்படமாக வந்தது. ஒற்றைப்படை வரிசையை வலமிருந்து வாசிக்க வேண்டும் என்று இங்கே படித்ததும் பதறிவிட்டேன். நான் எல்லாவற்றையும் இடமிருந்து வாசித்து எழுதிக்கொண்டு வருகிறேன். முழுவதும் தலைகீழாகப் போய்விடுமா?

குன்னூர்க்காரி:
பதற வேண்டாம். அது வேறு கணக்கு. குறுக்குத் தையலில் குறி என்பது நூலின் நிறம், செய்யும் வேலை அல்ல. துணியைத் திருப்புவதும் இல்லை. சார்ட்டில் எங்கே இருக்கிறதோ துணியில் அங்கே இருக்கும், எந்தத் திசையில் வாசித்தாலும் மயில் மாறாது.

உங்கள் தொல்லை வேறு இடத்தில் வரும். மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் வெளிர்நீலமும் வெளிர்பச்சையும் ஒன்றாகிவிடும். நிறத்தை நம்பாமல் குறியின் வடிவத்தை மட்டும் பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு வரிசையையும் "வெற்று 12, புள்ளி 5, முக்கோணம் 3" என்று ஓட்டமாகக் குறித்து, கூட்டுத்தொகை படத்தின் அகலத்துக்குச் சமமா என்று பாருங்கள். 140 கட்ட அகலமென்றால் அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணியில் பத்து அங்குலம் வரும். ஒரு வரிசை 139 என்று வந்தால் அந்த வரிசையில்தான் கட்டம் தவறியிருக்கிறது.

ஒஸ்லோவிலிருந்து:
ஜப்பானியப் புத்தகப் பக்கங்களைப் படமெடுத்துப் பின்னும் பழக்கம் எனக்கு உண்டு. மொழி தெரியாமலே பின்ன முடிகிறது. அங்கே பின்னல் குறிகளுக்கு ஜேஐஎஸ் எல் 0201 என்ற தேசியத் தரம் இருப்பதால், புத்தகம் மாறினாலும் அடிப்படைக் குறிகள் ஒத்துப்போகின்றன. நிட் என்பது செங்குத்துக்கோடு, பர்ல் என்பது கிடைக்கோடு. பல புத்தகங்களில் ஒரு குறியை மட்டும் ஓரத்தில் காட்டி, வெற்றுக்கட்டம் அதற்குச் சமம் என்று போட்டிருப்பார்கள். அந்த ஓரக்குறிப்பு வெட்டுப்பட்ட படம் எனக்கு வந்தால், வெற்றுக்கட்டம் நிட்டா பர்லா என்று முடிவு செய்யாமல் தொடங்கவே மாட்டேன். பின்னி முடித்த துணியின் படமும் அதே பக்கத்தில் இருந்தால் போதும், அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நீலநூலுக்கு ஒன்று கேட்க வேண்டும். இடப்பக்கச் சாய்கோடுகள் வலப்பக்கத்தவை சாய்ந்த திசையிலேயே சாய்கின்றனவா? இது முக்கியம். வலப்பக்கம் சாய்வது இரண்டைச் சேர்த்து நிட். இடப்பக்கம் சாய்வதற்கு இரண்டு கண்ணிகளையும் நிட் போடுவதுபோல் ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு மாற்றி, பின்னால் ஊசி விட்டுச் சேர்த்துப் பின்ன வேண்டும். இரண்டுமே இரண்டை ஒன்றாக்குவதால் குன்னூர்க்காரி அக்காவின் கணக்கு இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்காது. இன்னொன்று, முன்பக்கக் கேமராவில் எடுத்த படமானால் கண்ணாடிப் பிம்பமாகியிருக்கலாம். அப்போது சாய்வு எல்லாமே மறுபக்கம் மாறும். 3 என்ற எண் நேராக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நீலநூல்:
எண்கள் நேராகவே இருக்கின்றன. வலப்பக்க மூன்றும் தெளிவாக வலம் சாய்கின்றன. இடப்பக்கம் தெரியும் இரண்டில் நிழல் விழுந்து, ஒரு கறுப்புத் தீற்றல்தான் தெரிகிறது. மூலப்புத்தகம் அனுப்பியவரிடமும் இப்போது இல்லை.

நான் எழுதியது இது. விளிம்புக்காக இரு ஓரத்திலும் இரண்டிரண்டு கண்ணி எப்போதும் நிட் என்று நானே சேர்த்திருக்கிறேன். மூன்று வடிவத்துக்கு 54, ஓரத்துக்கு 4, ஆக 58 கண்ணி ஏற்ற வேண்டும்.

வரிசை 1: எல்லாம் நிட்.
வரிசை 2: 2 நிட், கடைசி 2 வரும்வரை பர்ல், 2 நிட்.
வரிசை 3: 2 நிட். பிறகு மூன்று வடிவத்துக்கும்: மூன்று முறை இரண்டைச் சேர்த்து நிட், ஆறு முறை நூல்சுற்றும் 1 நிட்டும், மூன்று முறை இரண்டைச் சேர்த்து நிட். முடிவில் 2 நிட்.
வரிசை 4: எல்லாம் நிட்.

"இத்தனை முறை" என்பதை முன்னால் வைத்தது வேண்டுமென்றே. காதால் கேட்கிறவருக்கு எண்ணிக்கை கடைசியில் வந்தால், கை அதற்குள் ஒருமுறை செய்து நின்றுவிடுகிறது.

குன்னூர்க்காரி:
ஆறு முறையில் நூல்சுற்று முதலில், நிட் அடுத்து என்று வைத்திருக்கிறீர்கள். வலமிருந்து வாசித்தால் அப்படித்தான் வரும். இடமிருந்து வாசித்து எழுதியிருந்தால் ஆறாவது நூல்சுற்றையடுத்து நேராகக் குறைப்பு வந்திருக்கும். கண்ணி எண்ணிக்கை அப்போதும் 18தான், ஆனால் ஓட்டைகள் எல்லாம் ஒரு கண்ணி தள்ளிப்போகும். உங்கள் வரி சரி.

சித்தியின் ஊசியில் ஒவ்வொரு 18 கண்ணிக்கும் ஒரு வளையம் மாட்டச் சொல்லுங்கள். மூன்றாவது வரிசை முடிந்ததும் வளையத்துக்கு வளையம் விரலால் தடவி எண்ணினால், எந்த வடிவத்தில் நூல்சுற்று விட்டுப்போனது என்று உடனே தெரியும். நான்காவது வரிசையும் பின்னியபின் தேடினால் பிரிக்க வேண்டியது கூடும்.

இடப்பக்கச் சாய்வைப் பொறுத்தவரை, நான் பார்த்த ஓல்ட் ஷேல் துணிகளில் பெரும்பாலும் ஆறுமே இரண்டைச் சேர்த்து நிட்தான்.

ஒஸ்லோவிலிருந்து:
நான் பின்னியதில் இடப்பக்கம் மூன்றும் இடம் சாய்ந்தவை. அலையின் இரு சரிவும் ஒன்றையொன்று பார்த்தாற்போல் வரும். அந்தப் புத்தகத்தில் எது இருந்தது என்று அக்காவாலும் என்னாலும் சொல்ல முடியாது.

நீலநூல்:
அப்படியானால் இரண்டு விதமாகவும் எழுதி, குரலில் பதிவு செய்து சித்திக்குக் கொடுக்கிறேன். இரண்டு வடிவம், ஓரம் 4, ஆக 40 கண்ணியில் இரண்டு சிறு துண்டுகள் பின்னிப் பார்ப்பதாகச் சொல்கிறார். விரலுக்கு எந்தச் சரிவு பிடிக்கிறதோ அதையே சால்வைக்கு எடுத்துக்கொள்வாராம்.