ஃபிளேஞ்சுக்கு bt³/12 வேண்டாமா? மேலும் கீழும் சமமில்லாத ஐ செக்‌ஷன் கணக்கு

மூணாவது_செம்: மூணு தகடு சேர்த்து வெல்ட் பண்ணின ஐ செக்‌ஷன். மேல் ஃபிளேஞ்ச் 300×20, வெப் 600×10, கீழ் ஃபிளேஞ்ச் 200×20, எல்லாம் மி.மீ. கிடை அச்சுக்கு I, அதாவது பரப்பின் இரண்டாம் மொமென்ட், எடுக்கணும்: ஒவ்வொரு தகட்டோட சொந்த I-யோட Ad² கூட்டணும், A பரப்பு, d அச்சிலிருந்து தகட்டு மையத்துக்குத் தூரம். இங்கேயே வேற ஒரு இழையில ஒருத்தர், "வெப் நடுவுலதானே நிக்குது, அதுக்கு Ad² வேண்டாம், ஃபிளேஞ்சுக்கு bt³/12-உம் வேண்டாம்"னு எழுதியிருந்தார். அப்படிப் போட்டா 1141×10⁶ மி.மீ⁴ வருது. புத்தகத்துல விடை 1117×10⁶. எங்க தப்பு?

கர்டர்காரன்: அந்த "வெப் நடுவுல நிக்குது" வாசகத்தை எழுதினவர் இதையும் படிப்பார்னு நம்பறேன். வெப் உயரத்துக்கு நடுவுல நிக்குது, சரி. ஆனா சென்ட்ராய்டு அங்க இல்லையே! மேல் ஃபிளேஞ்ச் பெரிசு, அது சென்ட்ராய்டை மேல இழுத்துடும்.

அடியிலிருந்து அளந்து பாருங்க. பரப்பு மேல் 6000, வெப் 6000, கீழ் 4000, மொத்தம் 16000. அவற்றோட மையங்கள் 630, 320, 10. பெருக்கிக் கூட்டினா 57,40,000. வகுத்தா 358.75 மி.மீ. நடு உயரம் 320. அந்த 38.75 மி.மீ-யைத்தான் நீங்க விட்டிருக்கீங்க.

இனி ஒவ்வொரு தகட்டுக்கும் தூரம் 358.75-லிருந்துதான்:

```
மேல்  : 6000 × 271.25² = 441.46×10⁶
வெப்  : 6000 ×  38.75² =   9.01×10⁶
கீழ்  : 4000 × 348.75² = 486.51×10⁶
வெப்  : 10 × 600³/12   = 180.00×10⁶
ஃபிளேஞ்ச் இரண்டும், bt³/12 = 0.33×10⁶
மொத்தம்                 = 1117.31×10⁶
```

நறுக்குக்கணக்கு: எழுதினது நான்தான். கடைசி வரியை நீங்களே பாருங்க. 1117-ல 0.33. நூத்துக்கு 0.03 பங்கு. தகடு உருட்டி வர்றப்போ தடிமன்ல வர்ற வித்தியாசமே இதைவிட அதிகம். ஃபிளேஞ்சுக்கு bt³/12 வேண்டாம்னு சொன்னது தப்பா?

முழுக்கணக்கு: தப்புதான். இணை அச்சுத் தியரம் I = I_c + Ad², I_c-ங்கறது தகட்டோட சொந்த I. அதுல I_c-ஐ உங்க இஷ்டத்துக்கு வெட்ட யார் சொன்னா? பரீட்சைத்தாள்ல அந்த வரி இல்லைன்னா அந்தப் படிக்கு மார்க் போச்சு.

நறுக்குக்கணக்கு: மார்க் வேற, கர்டர் வேற. 0.03 சதவீதத்துக்கு எந்த கர்டரும் விழாது.

கர்டர்காரன்: ரெண்டு பேரும் bt³/12-ஐப் பிடிச்சுத் தொங்கறீங்க. பையன் மாட்டினது அதுல இல்ல. நறுக்கு ஐயா, நீங்க விட்ட ரெண்டுல ஒண்ணு தூசு, இன்னொண்ணு தூசு இல்ல. நடு உயரத்தையே அச்சா வெச்சுக்கிட்டா வெப்போட Ad² பூஜ்யம் ஆகும், ஃபிளேஞ்ச் ரெண்டுக்கும் தூரம் 310 ஆகும். அதான் 1141.

நறுக்குக்கணக்கு: 1141-க்கும் 1117-க்கும் ரெண்டு சதவீதம். அதுக்கா இவ்வளவு கூச்சல்?

கர்டர்காரன்: I-ஐ மட்டும் பார்த்துட்டு நிறுத்திட்டா ரெண்டு சதவீதம்தான். I-ஐ வெச்சு என்ன செய்வீங்க? அச்சிலிருந்து விளிம்புக்குள்ள தூரம் y-ஆல வகுத்து செக்‌ஷன் மாடுலஸ் Z எடுப்பீங்க, மொமென்ட்டை அதால வகுத்தா ஸ்ட்ரெஸ். சரியான கணக்குல கீழ் விளிம்பு 358.75 தள்ளி, Z = 31.14 லட்சம் மி.மீ³. உங்க கணக்குல 320 தள்ளி, Z = 35.66 லட்சம். பதினாலரை சதவீதம் கூடுதல். 400 கிலோநியூட்டன் மீட்டர் மொமென்ட் வந்தா உங்க தாள்ல கீழ் ஃபிளேஞ்ச் ஸ்ட்ரெஸ் 112, உண்மையில 128 நியூட்டன்/மி.மீ². அதுவும் இழுவைப் பக்கம், ஆபத்தான திசையில தப்பு. மேல் விளிம்புக்கு எதிர்மாறு: உண்மையில 39.73 லட்சம், நீங்க 35.66 போட்டு அங்க இரும்பை வீணாக்குவீங்க.

நறுக்குக்கணக்கு: நான் சொன்னது சமமான ஐ செக்‌ஷனுக்கு. அதுல வெப்புக்கு Ad² பூஜ்யம்தான். அந்த இழையைப் போய்ப் படிங்க.

முழுக்கணக்கு: படிச்சேன். சமம்ங்கற சொல்லே அதுல இல்ல. bt³/12 மட்டும் இருக்கு, வேண்டாம்னு.

வெல்ட்_செல்வம்: எங்க ஷாப்புல ஐஎஸ்எம்பி 300 மேல கவர் பிளேட் வெச்சு ஓரத்துல விட்டுவிட்டு வெல்ட் போடறோம். இந்த Ad² முழுசா கிடைக்குமா, வெல்ட் இருக்கற நீளத்துக்கு மட்டுமா?

கர்டர்காரன்: கேள்வி வேற, ஆனா நல்ல கேள்வி. நடுவுல இடைவெளி விட்டாலும், ஒவ்வொரு துண்டு வெல்டும் தன் பங்கு நீளத்தோட ஷியர் ஃப்ளோவைத் தாங்கினா முழு Ad² எடுக்கலாம். மேல இருக்கற கர்டரையே வெச்சுப் பாருங்க: மேல் ஃபிளேஞ்சோட Q = 6000 × 271.25 = 16.275 லட்சம் மி.மீ³. ஷியர் V 200 கிலோநியூட்டன்னா ஷியர் ஃப்ளோ VQ/I = 291 நியூட்டன்/மி.மீ, வெப்போட ரெண்டு பக்க வெல்டுக்கும் சேர்த்து. பாதி நீளத்துக்குத்தான் வெல்ட்னா இருக்கற வெல்ட் இதைப்போல ரெண்டு மடங்கு தாங்கணும். ஷியர் அதிகமா இருக்கற சப்போர்ட் பக்கத்துல இடைவெளியைக் குறைங்க. வெல்டே இல்லாம அடுக்கி வெச்சா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும், Ad² முழுசும் போயிடும். மூணு தகட்டோட சொந்த I மட்டும்தான் மிச்சம்: 180.33×10⁶, ஆறில் ஒரு பங்குகூட இல்ல.

வெல்ட்_செல்வம்: எங்க டிராயிங்ல ஷியர் ஃப்ளோவெல்லாம் எழுதியிருக்காது. 6 மி.மீ வெல்ட்னு மட்டும் இருக்கும்.

முழுக்கணக்கு: பார்த்தீங்களா, இப்போ சொந்த I-யே எல்லாம் ஆயிடுச்சு! அதைத்தான் தூசுன்னு தள்ளினாங்க.

கர்டர்காரன்: அந்த 180-ஐக் கொடுக்கறது வெப், ஃபிளேஞ்ச் இல்ல. வெப்போட 10×600³/12-ஐ இங்க யாரும் விடச் சொல்லல.

முழுக்கணக்கு: விடறதைப் பழக்கினா எது b, எது t-ன்னே தெரியாமப் போகும். படுத்திருக்கற ஃபிளேஞ்சுக்கு 20×300³/12 போட்டவங்களை நான் பார்த்திருக்கேன். ரெண்டு ஃபிளேஞ்சுக்கும் சேர்த்து 58×10⁶ கூடிடும், அஞ்சு சதவீதம். அந்தக் கணக்கு நிமிர்ந்த அச்சுக்கு உரியது. ஒவ்வொரு முறையும் முழுசா எழுதினாத்தான் அச்சுக்குச் செங்குத்தான அளவுக்குத்தான் மூணாவது அடுக்குன்னு கை பழகும்.

நறுக்குக்கணக்கு: தெரியாதவங்க தப்பாப் போடுவாங்கன்னு தெரிஞ்சவங்களும் 0.03-ஐ எழுதணுமா?

மூணாவது_செம்: ஐயா, ஒரு சந்தேகம். நடு உயரத்துல 1141.33 இருக்கு. அதிலிருந்து சென்ட்ராய்டுக்குப் போக 16000 × 38.75² கூட்டினேன். 1165 வருது. விடை இன்னும் தள்ளிப் போயிடுச்சு.

கர்டர்காரன்: கழிக்கணும் தம்பி. சென்ட்ராய்டு வழியாப் போற அச்சுலதான் I மிகக் குறைவு. அங்கிருந்து விலகினா கூட்டல், அங்க வந்தா கழித்தல். 1141.333 − 24.025 = 1117.308, அதாவது 1117.31. மேல போட்ட கணக்கோட இது ஒத்துப்போகுதா பாருங்க, சரிபார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. இன்னொண்ணு: சென்ட்ராய்டு இல்லாத ரெண்டு அச்சுகளுக்கு நடுவுல நேராத் தாவாதீங்க. அடியிலிருந்து நடு உயரத்துக்குப் போகணும்னாலும் முதல்ல கழிச்சு சென்ட்ராய்டுக்கு வந்து, அப்புறம் கூட்டி அங்க போகணும்.

நறுக்குக்கணக்கு: அந்த 1141.33-ல .33 எதுக்கு? bt³/12 சேர்த்துதானே? அதை விட்டா 1141.0 − 24.03 = 1116.97. புத்தக விடை 1117. ஆக, விட்டாலும் அதே விடை.

முழுக்கணக்கு: 1117.31-ஐயும் 1116.97-ஐயும் "அதே விடை"ன்னு சொல்றவர்கிட்ட என்ன பேச? தியரத்துல I_c இருக்கு. எழுதுங்க.

கர்டர்காரன்: இன்னும் அந்த .33-லயே நிக்கறீங்க. நறுக்கு ஐயா, பழைய இழையில வெப் பத்தி எழுதின வரியைத் திருத்துங்க, அது போதும்.

நறுக்குக்கணக்கு: சமமான செக்‌ஷனுக்கு அது சரி. திருத்த மாட்டேன்.

வெல்ட்_செல்வம்: 6 மி.மீ வெல்ட் அந்த 291-க்குப் போதுமா, அதை யாராவது சொல்லுங்க.