குழாய்க்குள் இருந்த இந்தப் பாகத்துக்கு என்ன பெயர்?

படத்தில் இருப்பது வாஷ்பேசின் குழாயின் கைப்பிடிக்கு அடியிலிருந்து கழற்றியது. பித்தளை உடம்பு, மேலே பல் வெட்டிய தண்டு, உள்ளே இரண்டு பீங்கான் தகடுகள். கால் சுற்றுத் திருப்பினாலே மூடிக்கொள்ளும் வகை. ஒரு வாரமாக, மூடிய பிறகும் சொட்டுகிறது.

வாஷர் தேய்ந்திருக்கும் என்று நினைத்துத்தான் கழற்றினேன். பழைய குழாயில் இருப்பது போன்ற வாஷரே இதில் இல்லை! அடியில் உள்ள ரப்பர் வளையம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு தகட்டின் ஓரம் சில்லு பெயர்ந்திருக்கிறது (இரண்டாவது படம்). அதனால் சுத்தம் செய்து மாட்டினாலும் சொட்டு நிற்காது என்பது என் ஊகம். சரிதானா?

முழுதாக மாற்றுவதென்றால் கடையில் எப்படிக் கேட்பது? தண்டில் 20 பல், மரை அரை அங்குலம், வலப்பக்கம் திருப்பினால் மூடும். அப்புறம், வேறு எந்த அளவு எடுக்க வேண்டும்?