ஆயுள் சந்தா வரவா, மூலதனமா? கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் சின்ன மன்றத்துக்கு இந்த வருடம் பொருளாளர் நான்தான். பழைய பேரேட்டைப் புரட்டியதில் ஒரு சிக்கல்.

போன வருடம் 12 பேர் தலா 5,000 கட்டி ஆயுள் உறுப்பினர் ஆனார்கள். அந்த 60,000 ரூபாயும் முழுசாக வருவாய் செலவினக் கணக்கில் ஏறி, 42,000 உபரி காட்டியிருக்கிறார்கள். அதை நம்பித்தான் பொதுக்குழுவில் கைதட்டினோம்! அந்த 60,000-ஐ எடுத்துவிட்டால் 18,000 பற்றாக்குறை. அந்தப் பன்னிரண்டு பேரும் இனி சந்தா கட்டப்போவதில்லை, ஆனால் செலவு வைப்பார்கள்.

நுழைவுக் கட்டணம் தலைக்கு 200தான், வருடா வருடம் வருவது. அதை வருவாயிலேயே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மூத்த உறுப்பினர் ஒருவர் நூலகத்துக்கென்று உயிலில் எழுதிவைத்த ஒரு லட்சத்தைத் தனி நிதியாக இருப்புநிலைக் குறிப்பில் காட்டிவிட்டேன்.

ஆயுள் சந்தாவில்தான் குழப்பம். ஆண்டுச் சந்தா 500 என்பதால், தனி நிதியில் வைத்து வருடம் 6,000 வீதம் பத்து வருடம் வருவாய்க்கு மாற்றலாமா? இல்லை, மொத்தத்தையும் மூலதன நிதியிலேயே சேர்த்துவிடலாமா? இடையில் ஒருவர் காலமானால் அவர் பங்கின் மீதியை என்ன செய்வீர்கள்? தணிக்கையாளரைப் பார்ப்பதற்குள் சங்கக் கணக்கு எழுதிய அண்ணன்மார், அக்காமார் சொன்னால் உதவியாக இருக்கும்.