முறுக்கில் வேர்க்கடலை கலந்துவிட்டது, வாங்கினவர்களுக்கு எப்படிச் சொல்வது?

பலகாரக்காரி, காரைக்குடி:
நேற்று பிசைந்த முள்ளு முறுக்கு மாவில் பொட்டுக்கடலை மாவுக்குப் பதில் வேர்க்கடலைப் பொடி விழுந்துவிட்டது. இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் சம்படம். இன்று கடலை உருண்டை பிடிக்கப் பொடியைத் தேடியபோதுதான் தெரிந்தது. 140 பாக்கெட்டில் 38 கையில் இருக்கிறது. 62 இரண்டு கடைகளுக்கும், 40 கூரியரிலும் போய்விட்டன. லேபிளில் வேர்க்கடலை என்று இல்லை. எங்கள் குழுவில் ஓடியது இது:

"ஐயோ மொத்தமும் போச்சு!! யாரும் வெளிய சொல்லாதீங்க. கடைக்காரர் கேட்டா சரக்கு தீர்ந்துடுச்சுன்னு சொல்லுங்க. எல்லாம் புதுசா வந்த பொண்ணு வேலை."

இதை எப்படி நோட்டீஸாக மாற்றுவது?

கடைவீதி அண்ணன்:
முதலில் கடைகளுக்குப் போன் போடுங்கள், எழுதுவதெல்லாம் அப்புறம். 'தரக் குறைபாடு' என்று மட்டும் போட்டால் போதும். எண்ணெயில் பொரிந்தால் ஒன்றும் செய்யாது.

அதிரசம் வீடு:
எங்களுக்கும் தீபாவளிக்கு அதிரசம் சிக்கு வாடை அடித்தது. மோந்து பார்த்துச் சாப்பிடுங்கள் என்று சொன்னோம், முடிந்தது.

தரச் சோதனையில் இருந்தவர்:
போன் யோசனை சரி. மற்றது தவறு. ஒவ்வாமை தருவது கடலையின் புரதம், பொரித்தாலும் அது போகாது. மோந்து பார்த்தும் பயனில்லை, முறுக்கு கெடவில்லையே. 'தரக் குறைபாடு' என்றால் நமத்துப்போச்சு போல என்று நினைத்துத் தின்றுவிடுவார்கள். அந்தப் பெண்ணைப் பற்றிய வரி வேண்டவே வேண்டாம். அரட்டையில் இல்லாத ஒன்றுதான் முக்கியம்: எந்த பாக்கெட்? கீழே தேதியும் எண்ணும் மாதிரிக்குத்தான், உங்கள் பாக்கெட்டில் இருப்பதைப் போட்டு இப்படி எழுதுங்கள்:

"12ஆம் தேதி பேக் செய்த, M-27 என்று அச்சிட்ட 250 கிராம் முள்ளு முறுக்கில் வேர்க்கடலை கலந்துள்ளது. லேபிளில் அது இல்லை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். யாரும் சாப்பிடாதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள். சாப்பிட்டபின் உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாக்கெட்டைப் படம் எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்பினால் முழுப் பணமும் தருகிறோம். தவறு எங்களுடையது."

கூரியரில் வாங்கிய 40 பேருக்கும் தனித்தனியாக அழையுங்கள், செய்தியை மட்டும் நம்பாதீர்கள். சிவகங்கை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.

பலகாரக்காரி:
கடைகளிலிருந்து 51 திரும்பிவிட்டது. விற்றுப்போன 11 யாரிடம் என்று தெரியாது, கல்லாப்பெட்டிக்கு மேலே நோட்டீஸ் ஒட்டச் சொன்னேன். இன்னொன்று: அன்றே அதே அச்சில் தேன்குழலும் பிழிந்தோம், எண்ணெயும் ஒரே சட்டிதான். அதையும் சேர்க்க வேண்டுமா?

தரச் சோதனையில் இருந்தவர்:
எது முதலில் பிழிந்தது? முறுக்குக்குப் பின் என்றால் கட்டாயம் சேர்க்கணும்.

பலகாரக்காரி:
அதுதான் யாருக்கும் நினைவில்லை. பிழிந்த ஆச்சியைக் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை தேன்குழலையும் நிறுத்திவைத்திருக்கிறேன்.