பைலட் ஸ்டிரைக்கா, ஏர்போர்ட் ஸ்டிரைக்கா?

குழு: தோட்டத்துச் சொந்தங்கள்

செந்தில் (கரூர்): ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி, செவ்வாய் முதல் வெள்ளி வரை. பெங்களூரிலிருந்து நேராகப் போகிற ஜெர்மன் கம்பெனியில் டிக்கெட் பார்த்து வைத்திருந்தேன். இப்போது அந்தக் கம்பெனி பைலட்கள் ஸ்டிரைக்குக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்களாம். தேதி சொல்லவில்லை. கவிதா, போடலாமா வேண்டாமா?

சரசு அத்தை: ஸ்டிரைக்கா? அப்போ நாளைக்குப் பழனி பஸ் ஓடாதா கண்ணு?

செந்தில்: பஸ் ஓடும் அத்தை. இது ஜெர்மனியில்.

ராசு மாமா: துபாய் வழியாப் போடு மாப்பிள்ளை. அங்கே சங்கமும் கிடையாது, ஸ்டிரைக்கும் கிடையாது. வேலை முடிந்தது.

கவிதா (டிக்கெட், கோவை): பாதி சரிங்க மாமா. பைலட் ஸ்டிரைக் என்றால் அந்தக் கம்பெனி விமானம் மட்டும்தான் நிற்கும், துபாய் விமானம் போகும். ஏர்போர்ட் ஆட்கள் நிறுத்தினால் கதை வேறு. 2025 மார்ச் 10 அன்று வெர்டி சங்கம் 13 ஜெர்மன் ஏர்போர்ட்டில் ஸ்டிரைக் செய்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் எந்தக் கம்பெனி என்றில்லாமல் கிட்டத்தட்ட எல்லாமே ரத்து. அதனால் யார் ஸ்டிரைக் என்பதை முதலில் பாருங்கள் அண்ணா. கம்பெனி ஆட்கள் என்றால் கம்பெனியை மாற்றலாம். ஏர்போர்ட் ஆட்கள் என்றால் நாளையோ ஊரையோதான் மாற்ற வேண்டும்.

செந்தில்: இப்போது பைலட்தான். தேதி அறிவித்த பிறகு அந்த நாளைத் தள்ளிப் போட்டால் ஆகாதா?

கவிதா: இத்தாலி என்றால் அப்படிச் செய்யலாம். அங்கே 10 நாள் முன்பே சொல்லியாக வேண்டும். ஸ்டிரைக் நாளிலும் காலை 7 முதல் 10, மாலை 6 முதல் 9 வரை விமானம் ஓட வேண்டும் என்று விதியே உண்டு. ஜெர்மனியில் இத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்ற சட்டம் இல்லை. ஒரு நாள், ரெண்டு நாள் முன்புதான் பெரும்பாலும் தெரியும். நீங்கள் நவம்பரிலேயே டிக்கெட் போடுகிற ஆள், தேதியைப் பார்த்து ஒதுங்க வழியே இல்லை.

தினேஷ் (திருப்பூர்): இன்ஷூரன்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். போன வருடம் எனக்குப் பணம் தரவே இல்லை. பாலிசி எடுக்கும் முன்பே ஸ்டிரைக் செய்தி வந்துவிட்டதாம், தெரிந்த விஷயத்துக்குக் கவர் கிடையாதாம். பிரீமியம் வாங்கும்போது அது ஞாபகம் வரவில்லை போல.

கவிதா: பெரும்பாலான பாலிசி அப்படித்தான் தினேஷ்.

செந்தில்: ஓட்டுப் போட்டால் நிச்சயம் ஸ்டிரைக் நடக்குமா?

கவிதா: ஓட்டு என்பது கையில் சாவி வாங்கி வைத்துக்கொள்வது மாதிரி, திறப்பார்களா என்பது பேச்சுவார்த்தையைப் பொறுத்தது. நான் பார்ப்பது பழைய சம்பள ஒப்பந்தத்தின் காலம் முடிந்துவிட்டதா என்பதை. ஜெர்மனியில் சம்பள ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் வரை அதே விஷயத்துக்காக ஸ்டிரைக் செய்யக் கூடாது. முடிந்த பிறகுதான் பயம். ஜனவரிக்குள் பேசி முடிப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது.

ராசு மாமா: ரத்தானால் நஷ்ட ஈடு உண்டு என்று படித்தேனே?

கவிதா: உண்டுங்க. சொந்த ஆட்கள் செய்யும் ஸ்டிரைக்கைக் கம்பெனி கைமீறியது என்று சொல்ல முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021-ல் ஸ்கேண்டிநேவியன் ஏர்லைன்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. 3500 கிலோமீட்டருக்கு மேல் 600 யூரோ. 14 நாள் முன்பே ரத்து என்று சொல்லிவிட்டால் கிடையாது. ஏர்போர்ட் ஸ்டிரைக்குக்குப் பொதுவாக அந்த 600 வராது, சாப்பாடும் ரூமும் வேறு விமானமும் மட்டும்.

ராசு மாமா: அட, அப்போ ஜெர்மன் கம்பெனியிலேயே போடு மாப்பிள்ளை! ரத்தானால் லாபம்!

செந்தில்: ஸ்டால் வாடகை கட்டியாச்சு மாமா. முதல் நாள் பையர் வந்து நான் இல்லை என்றால் அந்த 600-ஐ வைத்து என்ன செய்வது?

கவிதா: சரி, என் யோசனை இது. போகும்போது வளைகுடா கம்பெனி, சனிக்கிழமை இரவே ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குவது மாதிரி. ஏர்போர்ட் ஸ்டிரைக் வந்தாலும் கண்காட்சிக்கு முன்பு ரெண்டு நாள் கையில் இருக்கும். வரும்போது எந்தக் கம்பெனி என்றாலும் ஐரோப்பாவிலிருந்து கிளம்புவதால் அந்த நஷ்ட ஈட்டு விதி பொருந்தும். இன்னொன்று, ஸ்கிரீனில் Operated by என்ற வரியைப் பாருங்கள். டிக்கெட் நம்பர் ஒரு கம்பெனி, விமானம் வேறு கம்பெனி என்று இருக்கும். ஸ்டிரைக் பாதிப்பது விமானத்தை ஓட்டுகிற கம்பெனியைத்தான்.

தினேஷ்: கோவையிலிருந்து பெங்களூருக்குத் தனி டிக்கெட் போடாதீர்கள் மாமா. பெரிய விமானம் ரத்தானால் சின்ன டிக்கெட் காசு போய்விடும்.

கவிதா: ஆமாம், ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். ஸ்டிரைக் செய்தி வந்ததும் பதறி நீங்களே ரத்து செய்யவும் வேண்டாம். கம்பெனி ரத்து செய்தால் முழுப் பணமோ வேறு விமானமோ கேட்கலாம், நீங்கள் செய்தால் பிடித்துக்கொள்வார்கள்.

செந்தில்: வளைகுடா டிக்கெட் 11,000 ரூபாய் அதிகம். ரெண்டு பேருக்கு 22,000. பார்ட்னரைக் கேட்க வேண்டும், அவர் நேர் விமானம்தான் வேண்டும் என்பார்.

கவிதா: சாயந்திரத்துக்குள் சொல்லுங்கள் அண்ணா, இந்த விலை அதுவரைதான்.

சரசு அத்தை: அப்போ பழனி போகலாம்தானே?