புதுப்பிப்பு: இன்டர்போலேஷன் தேடல் மெதுவானதன் காரணம்

முன்பு கேட்டது: "சாவிகள் ஏறுவரிசையில்தான் இருக்கின்றன. அப்புறம் ஏன் இது பைனரி தேடலைவிட மெதுவாக ஓடுகிறது?"

காரணம் கடைசிச் சாவி. பட்டியலின் முடிவைக் குறிக்க, தரவைத் தந்தவர்கள் அங்கே 100 கோடி என்று வைத்திருந்தார்கள். `lo` முதல் `hi` வரையிலான எல்லையில் `x` எங்கே இருக்கும் என்று, இரு முனைச் சாவிகளின் மதிப்பை வைத்து இந்த வரி கணிக்கிறது:

```
pos = lo + (x-a[lo])*(hi-lo)/(a[hi]-a[lo])
```

சின்னதாகப் போட்டுப் பார்த்தேன்: 1 முதல் 999 வரை, பிறகு 100 கோடி. 900-ஐத் தேடினால் முதல் கணக்கு 899 × 999-ஐ ஏறக்குறைய 100 கோடியால் வகுக்கிறது; முழு எண்ணாக 0. அதனால் `pos` என்பது `lo`-வேதான். `lo` ஒன்று நகர்கிறது, மறுபடியும் 0. இப்படியே ஒவ்வொன்றாக 900 சோதனைகள்! பைனரி தேடலுக்கு 10 போதும்.

"வரிசைப்படுத்தியிருந்தால் log log n உறுதி" என்றார் ஒருவர். சாவிகள் சீராகப் பரவியிருந்தால் சராசரியில் அது சரி. 10 கோடி சாவிகளுக்கும் 5 சோதனை அளவில் முடிந்துவிடும். ஆனால் வரிசை மட்டும் அந்தச் சீரைத் தராது. தன் கல்லூரி ரோல் நம்பர்களில் பிரமாதமாக ஓடுகிறது என்று இன்னொருவர் சொன்னதும் இதனால்தான்: அவை இடைவெளியில்லாமல் போகின்றன.

அனுபவசாலி ஒருவர் சொன்ன வழியைப் போட்டுவிட்டேன்: ஒரு சோதனை எல்லையைப் பாதியாவது குறைக்கவில்லையென்றால் அடுத்ததை நடுவில் வை. இப்போது அதே 900-க்கு 20 சோதனைகளைத் தாண்டுவதில்லை.

கடைசிச் சாவியை மட்டும் தனியே வைத்தால் போதாதா என்கிறார் இன்னொருவர். இந்தப் பட்டியலுக்குப் போதும். 1, 2, 4, 8 என இரட்டிக்கும் சாவிகளுக்கு உதவாது. எதை எடுத்தாலும் மிச்சத்தின் கடைசி பெரிதாகவே இருக்கும். அங்கே சாவிகளுக்கு லாக் எடுத்துத் தேடலாம், ஆனால் அந்தக் கணக்கின் செலவு லாபத்தைத் தின்றுவிடுமா என்று இன்னும் அளக்கவில்லை.