பெயர்ப்பலகை இல்லாத சாலையில் நின்றுகொண்டு ஆம்புலன்ஸுக்கு இடம் சொன்ன அனுபவங்கள்

இரவுப்பயணி: இரவு, காட்டுச்சாலை. எனக்கு முன்னால் போன பைக் சறுக்கி, ஓட்டியவருக்குக் கால் முறிந்துவிட்டது. சுற்றிலும் பலகையோ கடையோ இல்லை. மேப்பில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்து, வந்த எண்களை அவசர எண்ணில் வாசித்தேன். அட்சரேகையில் புள்ளிக்குப் பின் 5130. எதிர்முனையில் இருந்தவர் அதை 51 நிமிடம் 30 விநாடி என்று பதிந்துவிட்டார். கடைசியாகத் தாண்டிய ஊரின் பெயரையும் சொல்லியிருந்ததால்தான் "அந்த ஊர்ப் பக்கமே இது வரலையே சார்" என்று திரும்பக் கேட்டார். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கண்ணன்_77: எண்ணெல்லாம் எதற்கு? கூப்பிட்டதுமே அவர்கள் திரையில் நம் இடம் தெரிந்துவிடும்.

பழைய ஆபரேட்டர்: சில நாடுகளில் தெரியும், கண்ணன். ஃபோனே இருப்பிடத்தை அனுப்பிவிடும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் டவரை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஊருக்கு வெளியே அது பல கிலோமீட்டர் வட்டமாக இருக்கும்.

இரவுப்பயணிக்கு நடந்ததை நானும் பார்த்திருக்கிறேன். அட்சரேகையில் ஒரு பாகையை 60 நிமிடமாகவும், ஒரு நிமிடத்தை 60 விநாடியாகவும் பிரிப்பார்கள்; அதனால் 0.5130 பாகை என்பது உண்மையில் 30 நிமிடம் 47 விநாடி. 51 நிமிடம் என்று போட்டால் சுமார் 38 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். அதனால் "புள்ளி" என்ற சொல்லை விடாமல், ஐந்து, ஒன்று, மூன்று, பூஜ்யம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். "ஐம்பத்தொன்று முப்பது" என்று சேர்த்துச் சொன்னால்தான் குழப்பம். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் போதும், 11 மீட்டருக்குள் வந்துவிடும். முடித்ததும் அவர்களையே திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.

மீனா: என் ஃபோன் பஸ்ஸில் தொலைந்தபோது இதே மாதிரி இடம் காட்டியது, ஆனால் போலீஸ் கண்டுகொள்ளவில்லை. புகார் எங்கே கொடுப்பது?

இரவுப்பயணி: மீனா, அது வேறு கதைங்க, தனியாகக் கேளுங்கள். ஆபரேட்டர் ஐயா, அங்கே நெட் சுத்தமாக இல்லையென்றால்?

பழைய ஆபரேட்டர்: ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம். மேப் வெறுமையாக இருந்தாலும் எண் வரும். ஆனால் புள்ளி சாம்பல் நிறத்தில் இருந்தால் நம்பாதீர்கள், அது நீங்கள் முன்பு இருந்த இடம். வண்டியைவிட்டு இறங்கி, வானம் தெரிகிற இடத்தில் நின்று, புள்ளியைச் சுற்றிய வட்டம் சுருங்கும்வரை பொறுங்கள். நடுவே தடுப்பு இருக்கிற நெடுஞ்சாலை என்றால் எந்த ஊரை நோக்கிப் போகிற பக்கம் என்பதையும் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் வந்த வண்டி திரும்ப எவ்வளவு தூரம் போகணுமோ!

கண்ணன்_77: பேசாமல் வாட்ஸப்பில் லொகேஷன் அனுப்பினால் முடிந்தது.

பழைய ஆபரேட்டர்: யாருக்கு? அவசர எண்ணுக்கு அதை வாங்க வசதி இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். வண்டி ஓட்டுநர் தன் எண்ணிலிருந்து கூப்பிட்டால் அவருக்குத் தாராளமாக அனுப்பலாம்.

சாலைப்பணி: ஜிபிஎஸ் பிடிக்காத பள்ளத்தாக்கில் மைல்கல்லும் மின்கம்பத்து எண்ணும் எனக்கு உதவியிருக்கின்றன. கம்பத்து எண்ணை வைத்து மின்வாரியத்தால் இடத்தைச் சொல்ல முடிந்தது. ஆனால் நடுராத்திரியில் அங்கே ஃபோன் எடுக்க ஆள் இருப்பார்களா என்று தெரியவில்லை. யாராவது முயன்றிருக்கிறீர்களா?